சீனி மாத்திரை: படிக்கத் தெரியாத மொழியில் அனுப்பும் செய்தியைத் திருப்பிப் பார்ப்பது எப்படி?

கப்பலூரில் என் அண்ணன் ஒரு சின்ன லேத் பட்டறை நடத்துகிறார். அங்கே வேலை பார்க்கும் ஆறு பேரில் மூன்று பேர் மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத் பக்கத்துக்காரர்கள். அவர்களில் மூத்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். பிரஷரும் உண்டு, சுகரும் உண்டு. அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்ய மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை என்று நாள் குறித்தார்கள். திங்கள் சாயங்காலம் பரிசோதனை முடிந்து அவர் திருமங்கலத்தில் இருக்கும் அறைக்குக் கிளம்பிப் போய்விட்டார். பணம் கட்ட நின்ற அண்ணனிடம்தான் நர்ஸ் முக்கியமான விஷயங்களைச் சொன்னார். எப்போது சாப்பாட்டை நிறுத்த வேண்டும், எந்த மாத்திரை போடலாம், எதைப் போடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது.

அந்த மனிதருக்குத் தெரிந்த தமிழ் பட்டறைத் தமிழ். ‘அந்த ஸ்பேனரை எடு’, ‘டீ வந்தாச்சா’, ‘சம்பளம் என்னைக்கு’ வரைக்கும் போகும். படிக்கத் தெரிந்தது வங்காளி மட்டும். அண்ணனுக்கோ வங்காளியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனால் கைப்பேசியில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழில் தட்டி, வந்ததை அனுப்பப் போனவர், அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். சிம்மக்கல்லில் தட்டச்சு, அச்சு வேலைக்கடை வைத்திருக்கிறேன். ‘எழுத்து வேலைக்காரன்’ என்றால் எல்லா மொழியும் தெரியும் என்று வீட்டில் ஒரு நினைப்பு.

அண்ணன் எழுதியிருந்தது இது:

‘அண்ணே, நாளை மறுநாள் ஆபரேஷன். ராத்திரி 12 மணிக்கு மேல் ஒன்றும் தொடக்கூடாது, தண்ணீர்கூட. காலையில் பிரஷர் மாத்திரை மட்டும் போடவும், சர்க்கரை மாத்திரை வேண்டாம். வெறும் வயிற்றில் 6 மணிக்கு வந்துவிடவும்.’

தமிழ் வாசிக்கிற யாருக்கும் இதில் குழப்பம் இல்லை. செயலி கொடுத்த வங்காளி எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. நமக்கு அந்த மொழி தெரியாதபோது அதைச் சோதிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. போன செய்தியை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, மறுபடி நம் மொழிக்குக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இதை மீள்மொழிபெயர்ப்பு என்கிறோம். பல நாடுகளில் ஒரே கேள்வித்தாளைக் கொண்டு ஆய்வு செய்பவர்கள் இதை நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். குவாம் பல்கலைக்கழகத்தில் இருந்த, இரண்டு மொழி தெரிந்த 94 பேரை வைத்து, பத்து மொழிகளில் அவர் இதைச் சோதித்துப் பார்த்திருந்தார்.

சரி, நம் கதைக்கு வருவோம். அண்ணன் எனக்குப் போன் செய்வதற்கு முன்பே ஒரு தடவை சோதித்துவிட்டாராம். செயலியில் இரண்டு பக்கமும் அம்பு போட்ட பொத்தான் இருக்கிறதே, அதைத் தட்டினால் வங்காளி மேலே போய், தமிழ் கீழே வரும். அப்படித் தட்டிப் பார்த்ததில் ‘சர்க்கரை மாத்திரை வேண்டாம்’ என்று அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தது. ‘அப்புறம் என்ன, கரெக்டாத்தானே இருக்கு’ என்றார்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். போனதும் அதே செயலி, திரும்பி வந்ததும் அதே செயலி. போகும்போது ‘சர்க்கரை’ என்பதற்கு அது எந்த வங்காளிச் சொல்லை எடுத்ததோ, வரும்போது அந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘சர்க்கரை’ என்றே போடும். தவறான பாதையில் போய் அதே பாதையில் திரும்பி வந்தாலும் கிளம்பின வீட்டுக்குத்தான் வந்து சேருவோம். வீடு வந்துவிட்டது என்பதால் போன இடம் சரி என்று ஆகிவிடாது. அதனால் திருப்பிக் கொண்டுவர வேறு ஆள் வேண்டும். ஆளே கிடைக்காவிட்டால் வேறு நிறுவனத்தின் செயலியாவது வேண்டும். அதிலும் பழைய தமிழ் எதுவும் ஒட்டாமல், வங்காளி வரிகளை மட்டும் நகலெடுத்துப் புதிதாக ஒட்டிப் பார்க்க வேண்டும்.

நமக்கு ஆள் கிடைத்தார். தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறை ஒன்றில் பல வருஷமாக வேலை பார்க்கும் வங்காளிக்காரர் ஒருவர் என் கடைக்கு அச்சடிக்க வருவார். பட்டறையில் எல்லோரும் அவரை ‘தாதா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மொழியில் அது அண்ணன். மதுரையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்த நாளிலிருந்து அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் தமிழ் எழுத்து வாசிக்க வராது. மூலத்தைத் தற்செயலாகப் பார்த்துவிட்டாலும் அவருக்கு ஒன்றும் புரியாது என்பதால் இந்த வேலைக்கு அது ஒரு வசதி.

அவரிடம் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். ‘இது சரியா இருக்கா பாருங்க’ என்று கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘சரியாத்தான் இருக்கு’ என்பார்கள். ஓரளவு புரிந்தால் போதும், குறை சொல்ல மனசு வராது. அதனால் எதைப் பற்றிய செய்தி, யாருக்கு என்றெல்லாம் சொல்லாமல், வங்காளி வரிகளை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘தாதா, இதைப் படிச்சிட்டு, இதுல என்ன எழுதியிருக்குன்னு அப்படியே தமிழ்ல பேசி அனுப்புங்க. நீங்களாத் திருத்தாதீங்க. எது விளங்கலையோ அதையும் சொல்லுங்க’ என்று கேட்டேன். குரல் பதிவு வந்தது.

‘நாளைக்கு மறுநாள் ஆபரேஷன். ராத்திரி 12 மணிக்கு அப்புறம் எதையும் தொடாதீங்க, தண்ணியையும் தொடாதீங்க. காலையில பிரஷர் மாத்திரை மட்டும் சாப்பிடுங்க, சீனி மாத்திரை சாப்பிடாதீங்க. காலி வயித்தோட ஆறு மணிக்கு வாங்க. ஆமாண்ணே, எதைத் தொடக்கூடாது? கட்டில், கதவையா? தண்ணியத் தொடாம மாத்திரைய எப்படி முழுங்குறது? அப்புறம் அந்தச் சீனி மாத்திரைன்னா இனிப்பு மாத்திரையா? தமிழ்ல சுகரைச் சர்க்கரைன்னு சொல்றீங்கள்ல, அதனால எனக்குப் பிடிபட்டுருச்சு. ஊர்லேர்ந்து வந்தவனுக்கு விளங்காது.’

ஒரு நிமிஷம்கூட இல்லாத இந்தப் பதிவில் நமக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் இரண்டு தமிழுக்கும் இடையே வரும் வித்தியாசம் எல்லாமே ஒரே வகை இல்லை.

முதலில் சீனி. வங்காளியில் ‘சினி’ என்றால் காப்பிக்குப் போடுகிற சீனிதான். நம் மதுரைக்காரர்கள் சொல்லும் அதே சொல், அதே பொருள். வியாதியைச் சொல்ல அவர்களும் நம்மைப் போலவே ‘சுகர்’ என்றோ ‘டயாபடீஸ்’ என்றோதான் பேசுவார்கள். நம் ‘சர்க்கரை’ இரண்டு வேலையும் பார்க்கும், அவர்கள் ‘சினி’ ஒரு வேலைதான் பார்க்கும். செயலி சொல்லுக்குச் சொல் வைத்ததில், ‘சீனியால் செய்த மாத்திரை’ என்று ஆகிவிட்டது. இது உண்மையான பிழை, அபாயமான பிழையும்கூட. தன்னிடம் சீனி மாத்திரை எதுவும் இல்லை என்று அவர் நினைத்து, வழக்கம்போல சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டால், சாப்பிடாத வயிற்றில் அது ரத்தத்தில் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடலாம். அம்புப் பொத்தான் காட்டாமல் மறைத்த பிழையும் இதுதான்.

‘தொடக்கூடாது’ என்பதும் பிழைதான், ஆனால் கொஞ்சம் வேறு மாதிரி. ‘ஒன்றும் தொடாமல் கிளம்பிட்டான்’ என்றால் சாப்பிடாமல் போனான் என்று நமக்குப் புரியும். அது பேச்சு வழக்கு. வழக்கு மொழி எல்லை தாண்டும்போது கையால் தொடுவது மட்டும்தான் தங்கியது. செயலியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, மூலத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மாத்திரையை எப்படி முழுங்குவது என்ற கேள்வி மொழிபெயர்ப்பைப் பற்றியதே இல்லை. மூலத்திலேயே உள்ள ஓட்டை. அண்ணனிடம் கேட்டால், ‘ஒரு வாய் தண்ணில போட்டுக்கச் சொன்னாங்க, எழுத மறந்துட்டேன்’ என்றார். தமிழில் வாசித்த எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை. நமக்குத் தெரிந்ததை நாமே நடுவில் நிரப்பிக்கொண்டு படிக்கிறோம். வெளியாள் ஒருவர் திருப்பிச் சொல்லும்போது அந்த ஓட்டை கண்ணில் படுகிறது. என்னைக் கேட்டால், மீள்மொழிபெயர்ப்பில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். மொழிபெயர்ப்பைத் திருத்த உட்காருகிறோம், கடைசியில் நம் தமிழைத் திருத்துகிறோம்.

இன்னொன்று, ‘போடவும்’ என்று அனுப்பியது ‘சாப்பிடுங்க’ என்று வந்திருக்கிறது. இது பிழை இல்லை. வங்காளியில் ‘காவா’ என்ற ஒரே வினைச்சொல் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் பொது. சோறும் தண்ணீரும் மாத்திரையும் பீடியும் அவர்கள் ‘சாப்பிடுவது’தான். ஆகவே ‘தண்ணீர் சாப்பிட வேண்டாம்’ என்று திரும்பி வந்தால் பதறக்கூடாது. அதேபோல, அந்த மொழியின் ‘அவர்’ என்பதில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. நாம் ‘அவள்’ என்று எழுதியது ‘அவன்’ என்று திரும்பலாம். எந்தப் பக்கம் தவறு என்று சந்தேகம் வந்தால், திருப்பிச் சொன்னவரிடமே கேட்டுவிடலாம்: ‘உங்க மொழியில இதை வேற மாதிரி சொல்ல முடியுமா?’ ‘இப்படித்தான் சொல்லுவோம்’ என்றால் விட்டுவிடலாம்.

இதில் தாதா சொன்ன கடைசி வரி மிக முக்கியம்: ‘எனக்குப் பிடிபட்டுருச்சு.’ இரண்டு மொழியும் தெரிந்தவர், மோசமான மொழிபெயர்ப்பைக்கூட மனசுக்குள் சரிசெய்துகொண்டு, நல்ல தமிழில் திருப்பித் தந்துவிடுவார். பிரிஸ்லினும் தன் கட்டுரையில் இதை எச்சரித்திருக்கிறார். பல வருஷம் மதுரையில் இருந்தவருக்குத் தமிழ் வாடை அடிக்கும் வங்காளியும் விளங்கும். முர்ஷிதாபாத்திலிருந்து வந்து கொஞ்ச நாளே ஆன, ஊர்க்காரர்களோடு மட்டுமே பழகும் ஒருவருக்கு விளங்காது. தாதா வாய்விட்டுச் சொன்னதால் தப்பித்தோம். அவர் நல்ல மனசோடு ‘சுகர் மாத்திரை சாப்பிடாதீங்க’ என்று சொல்லியிருந்தால், இரண்டு தமிழும் ஒத்துப்போய், பிழை அப்படியே ஆபரேஷன் வரை போயிருக்கும். திரும்பி வந்தது மூலத்தோடு பொருந்தவில்லை என்றால் எங்கோ பார்க்க வேண்டியது இருக்கிறது என்று அர்த்தம். பொருந்திவிட்டது என்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது.

அடுத்து மூலத்தைத் திருத்த உட்கார்ந்தோம். மொழிபெயர்ப்பதற்கு வசதியாக எழுத பிரிஸ்லின் சில வழிகள் சொல்கிறார். வாக்கியத்தில் 16 சொல்லுக்குள் முடிக்க வேண்டும், ‘அது’, ‘இது’ என்பதற்குப் பதிலாகப் பெயர்ச்சொல்லையே திரும்ப எழுத வேண்டும், உவமையும் வழக்குப் பேச்சும் கூடாது என்பது போன்றவை. அவர் ஆங்கிலத்துக்குச் சொன்னது, தமிழுக்கும் அப்படியே பொருந்துகிறது. கேட்க நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இப்படி மாற்றினோம்:

‘ஆபரேஷன் புதன்கிழமை, 14ஆம் தேதி.
செவ்வாய்க்கிழமை ராத்திரி 12 மணிக்குப் பிறகு சோறு, டீ, பிஸ்கட் எதுவும் சாப்பிட வேண்டாம்.
செவ்வாய்க்கிழமை ராத்திரி 12 மணிக்குப் பிறகு தண்ணீரும் குடிக்க வேண்டாம்.
புதன்கிழமை காலை 5 மணிக்கு பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வாய் தண்ணீரோடு விழுங்குங்கள்.
புதன்கிழமை காலை டயாபடீஸ் மாத்திரையை விழுங்க வேண்டாம்.
புதன்கிழமை காலை 6 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.’

‘நாளை மறுநாள்’ ஏன் போனது என்று கேட்கலாம். தாதா அதைச் சரியாகத்தானே திருப்பிச் சொன்னார். ஆனால் வங்காளியில் நேற்றுக்கும் நாளைக்கும் ‘கால்’ என்ற ஒரே சொல்தான். நாளை மறுநாளுக்கும் முந்தாநாளுக்கும் ‘பொர்ஷு’ என்று ஒன்றே. வினைச்சொல்லைப் பார்த்துத்தான் போனதா வருவதா என்று தெரிந்துகொள்வார்கள். அதோடு, திங்கள் ராத்திரி அனுப்பிய செய்தியைச் செவ்வாய் காலையில் திறந்தால், அவர் எண்ணத் தொடங்கும் நாளே மாறிவிடும். கிழமையும் தேதியும் சேர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

எண்களைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. எழுத்துத் தெரியாவிட்டாலும் எண்களையாவது நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். செயலி சில நேரம் 14 என்பதை வங்காளி எண்களில் போட்டுவிடும். அந்த எழுத்தில் 1 நம் கண்ணுக்கு 9 போலவும், 4 அச்சு அசல் 8 போலவும் இருக்கும். நாம் பார்த்துவிட்டு ‘98 என்று போட்டிருக்கிறானே’ என்று குழம்பி, சரியாக இருந்ததைத் திருத்திக் கெடுத்துவிடுவோம். எண்களை மட்டும் நாம் எழுதும் வடிவத்திலேயே மாற்றி வைத்துவிடுவது நல்லது. அவர்களுக்கும் அது படிக்க வரும்.

திருத்திய ஆறு வரியையும் மறுபடி மொழிபெயர்த்து, மறுபடி தாதாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மாற்றிய வரியை மட்டும் அனுப்பினால் போதாது. ஒரு வரியைத் தொட்டால் செயலி பக்கத்து வரியையும் வேறு மாதிரி எழுதிவிடக்கூடும். ஏற்கெனவே மூலம் என்ன என்று தாதாவுக்கு ஓரளவு தெரிந்துவிட்டதே என்ற உறுத்தல் இருந்தது. அதனால் இரண்டாவது தடவை அவர் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையனிடம் செய்தியைக் காட்டச் சொன்னோம். அவனுக்குத் தமிழ் வராது. ‘இதுல எழுதியிருக்கறது உனக்குன்னா, நீ என்ன பண்ணுவே’ என்று தாதா வங்காளியில் கேட்க, அவன் சொன்னதைத் தாதா எங்களுக்குச் சொன்னார். நாள், மணி, எது சாப்பிடலாம், எது கூடாது, எங்கே போக வேண்டும் என்ற ஐந்தையும் காகிதத்தில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். குறிப்பாக ‘கூடாது’ வரும் இடங்களை. ‘மட்டும்’ என்பதும் ‘வேண்டாம்’ என்பதும் எந்த மாத்திரையோடு சேருகிறது என்பது நழுவினால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

ஒரு விஷயத்தை இந்த முறையால் பிடிக்கவே முடியாது. வங்காளியில் முன்னிலைக்கு மூன்று படி உண்டு: துய், துமி, ஆப்னி. தமிழுக்கு வரும்போது ‘நீ’, ‘நீங்க’ என்று இரண்டுதான். ‘துமி’ என்று எழுதியிருந்தாலும் தாதா மரியாதையாக ‘நீங்க’ என்றே சொல்லிவிடுவார். அதைத் தனியாகக் கேட்டோம். ‘துமி’ என்றுதான் இருந்தது. ஐம்பது வயதுக்காரருக்கு முதலாளி அனுப்புவதில் ஆப்னிதான் மரியாதை என்று சொல்லி, அவரே மாற்றிக் கொடுத்தார்.

இவ்வளவும் செய்தி எழுதும் பக்கத்துச் சோதனை. அனுப்பிய பிறகு ஒன்று பாக்கி இருந்தது. ‘புரிஞ்சதா?’ என்று கேட்டால் ‘ஓகே’ என்று கட்டைவிரல் வரும், அது எதற்கும் சாட்சி ஆகாது. அதனால் செய்தியின் கடைசியில் இரண்டு கேள்வி சேர்த்தோம். ‘செவ்வாய்க்கிழமை எத்தனை மணி வரை தண்ணீர் குடிப்பீர்கள்? புதன்கிழமை காலை விழுங்கப்போகும் மாத்திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.’ ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்விகளாகப் பார்த்து எடுத்தோம்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. 12 என்ற எண், பிரஷர் மாத்திரை அட்டையின் படம், அப்புறம் வங்காளியில் ஒரே ஒரு சொல், பக்கத்தில் கேள்விக்குறி. தாதாவுக்கு அனுப்பினேன். ‘பீடின்னு கேக்குறாரு’ என்றார். நாங்கள் சோறு, டீ, பிஸ்கட் என்று பட்டியல் போட்டோமே தவிர, அதை நினைக்கவே இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நர்ஸிடம் கேட்டு, அதுவும் கூடாது என்று ஏழாவதாக ஒரு வரி எழுதி, அதையும் தாதாவிடம் திருப்பிச் சொல்லக் கேட்டுவிட்டு அனுப்பினார்.